ஜெல் பேக்கா, வெறும் ஐஸா? பஸ்ஸில் வரும் தடுப்பூசியை எது காப்பாற்றும்?

கேள்வி: ''பதினெட்டு வெள்ளாடுகளும் முப்பது நாட்டுக்கோழிகளும் வளர்க்கிறோம். மழைக்கு முன்பு ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியும், கோழிக்குஞ்சுகளுக்கு லசோட்டா சொட்டு மருந்தும் மதுரையில் உள்ள கடையில்தான் வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்து சேர இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஆகிறது. போன வருஷம் தெர்மாகோல் பெட்டியில் மீன் கடை ஐஸைப் போட்டுக் கொண்டுவந்தேன். ஐஸ் உருகி, மருந்து பாட்டில் தண்ணீரில் மிதந்தது. லேபிளும் உரிந்துபோனது. இந்த வருஷம் கடைக்காரரே அவருடைய ஃப்ரீசரிலிருந்து இரண்டு ஜெல் பேக் எடுத்து, நடுவில் மருந்தை வைத்துக் கட்டிக் கொடுத்தார். தண்ணீர் ஒழுகவில்லை. ஆனால், வீட்டில் பிரித்துப் பார்த்தபோது துள்ளுமாரி பாட்டிலின் ஒரு பக்கம் ஐஸ் கட்டியாக இருந்தது. 'நல்லா ஜில்லுனு வந்திருக்கு, ரொம்ப நல்லது' என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த மருந்தைப் போடலாமா? ஜெல் பேக், ஐஸ் இரண்டில் எது அதிக நேரம் தாங்கும்?''

- விருதுநகர் மாவட்டம், நரிக்குடி பகுதி வாசகி.

கால்நடைப் பராமரிப்புத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

''முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் துள்ளுமாரி மருந்தைப் போடக் கூடாது. ஐஸ் கரைந்து, பாட்டில் பழையபடி தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் போடக் கூடாது. அந்த அம்மாவின் சந்தேகம் சரியானது.

தடுப்பூசி என்றாலே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், 'எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது' என்று நினைப்பதுதான் தவறு. இந்த மருந்துகளின் பெட்டியிலேயே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள். எட்டுக்கு மேலே போகக் கூடாது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

துள்ளுமாரி மருந்து, உயிருள்ள கிருமி கொண்டதல்ல. கிருமியையும் அதன் நச்சையும் வீரியம் இழக்கச் செய்து, திரவமாகவே பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள். இந்த வகைத் தடுப்பூசிகளில், ஆட்டின் உடம்பில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நல்ல எதிர்ப்புச் சக்தியைக் கொடுப்பதற்காக அலுமினியம் சார்ந்த ஒரு துணைப்பொருளையோ, எண்ணெயையோ சேர்ப்பார்கள். மருந்து உறைந்தால் அந்தச் சேர்மானம் உடைந்துவிடும். அலுமினியம் சேர்த்த மருந்தில் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரண்டுவிடும். எண்ணெய் சேர்த்த மருந்து, திரிந்த பால் மாதிரி இரண்டாகப் பிரியும். ஐஸ் கரைந்த பிறகு குலுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஊசி போட்டுவிட்டோம் என்ற திருப்தி இருக்கும். ஆட்டுக்குப் பாதுகாப்பு இருக்காது. மழை பெய்து, இளம்புல் முளைத்து, ஆடு வயிறு முட்ட மேய்ந்து துள்ளி விழும்போதுதான் விஷயம் தெரியும். துள்ளுமாரியில் சிகிச்சைக்கு நேரமே கிடைக்காது என்பது ஆடு வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லசோட்டா இதற்கு நேர் எதிர். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். அதை உறைய வைத்து, ஈரத்தை எடுத்து, சின்ன வில்லை மாதிரி உலர்த்தி அடைத்திருக்கிறார்கள். குளிர் அதை ஒன்றும் செய்யாது. வெயில்தான் எதிரி. சூடு பட்டால் வைரஸ் செத்துவிடும். ஆனால், வில்லையைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆக, அந்த அம்மா ஒரே பெட்டியில் சூட்டுக்குப் பயந்த மருந்து ஒன்றையும், குளிருக்குப் பயந்த மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஐஸா, ஜெல்லா என்று பார்க்க வேண்டும்'' என்றவர், இரண்டாவது கேள்விக்கு வந்தார்.

''எது அதிக நேரம் தாங்கும் என்று கேட்டால், எடைக்கு எடை வெறும் ஐஸ்தான். ஜெல் பேக் அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும், முந்தாது. கடையில் கிடைக்கும் சாதாரண ஜெல் பேக்கை அறுத்துப் பார்த்தால் கொழகொழவென்று இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் இருக்கிறதே, அதைப் போன்ற ஒன்றையோ, வேறு ஏதாவது கெட்டியாக்கும் பொருளையோ கொஞ்சம் கலந்து தண்ணீரைக் கூழாக்கியிருக்கிறார்கள். குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தண்ணீர்தான். கலந்த பொருளால் குளிர்ச்சி கூடாது; அதன் எடை அளவுக்குத் தண்ணீர் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் ஐஸுக்கு இந்தச் சக்தி என்பதை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஆனால், 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ், அதே 0 டிகிரியில் தண்ணீராக மாறுவதற்கு 80 கிலோ கலோரி வேண்டும். பெட்டிக்குள் நுழையும் வெப்பத்தையெல்லாம் ஐஸ் விழுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால், உருகி முடிகிற வரைக்கும் அதன் சூடு 0 டிகிரியைத் தாண்டாது. இதுதான் ஐஸின் பலம். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி வரை குளிர வைத்திருந்தாலும், அந்த மைனஸ் 18-லிருந்து 0-க்கு வருவதற்குள் ஒரு கிலோ ஐஸ் வாங்கும் வெப்பம் 9 கிலோ கலோரிதான். உருகும்போது வாங்குவதில் ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது, அந்த அதிகப்படியான குளிர்ச்சி பயண நேரத்தைப் பெரிதாக நீட்டிக்கப் போவதில்லை. ஆனால், துள்ளுமாரி பாட்டிலை உறைய வைத்தது அதுதான். 0 டிகிரியில் இருக்கும் ஐஸால் மருந்தை உறைய வைக்க முடியாது. மைனஸ் 18-ல் இருக்கும் ஐஸும் செய்யும், ஜெல்லும் செய்யும். அந்தக் கடைக்காரர் ஜெல் பேக் கொடுத்தது தவறல்ல. ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, இங்கே எடுத்த குளிரோடு என்றுதான் சொல்ல வேண்டும், மருந்தை ஒட்டி வைத்துக் கட்டியதுதான் தவறு'' என்று சிரித்தவர், தொடர்ந்தார்.

''கிராமச் செவிலியர்கள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நீல நிறப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக் நிற்கும். அவை ஜெல் அல்ல. குழாய்த் தண்ணீரை நிரப்பி உறைய வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள். அவற்றையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். மேஜைமீது பரப்பி வைத்துக் காத்திருப்பார்கள். அவ்வப்போது ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவார்கள். உள்ளே 'களக்... களக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். சத்தம் கேட்கிறது என்றால், ஐஸ் கொஞ்சம் உருகத் தொடங்கிவிட்டது. உருகத் தொடங்கிவிட்டது என்றால், அது 0 டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குத் தெர்மாமீட்டரே வேண்டாம்.

ஜெல் பேக்கில் இந்த வசதி இல்லை. ஜெல் உருகினால் தண்ணீராக ஓடாது, கூழாகத்தான் இருக்கும். குலுக்கினால் சத்தம் வராது. வெளிப்பக்கம் மெத்தென்று இருக்கும். நடுவில் இன்னும் மைனஸில் இருக்கலாம். கையால் தொட்டுச் சொல்ல முடியாது. உறைந்தால் கெட்டுப்போகிற மருந்துக்கு ஜெல் பேக் சரிப்படாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சில பேக்குகள்மீது மைனஸ் 18, மைனஸ் 21 என்று அச்சிட்டிருப்பார்கள். அவை ஐஸ்க்ரீம், உறைந்த இறைச்சி போன்றவற்றைக் கொண்டுபோவதற்கு. உள்ளே உப்புக் கரைசல் இருக்கும். அவை உருகுவதே மைனஸில்தான். உருகி முடிகிற வரைக்கும் பக்கத்தில் இருப்பதை உறைய வைத்துக்கொண்டே இருக்கும். மருந்துப் பெட்டிக்குள் அதற்கு இடமே கிடையாது. 'ஐஸ் நிறைய நேரம் நிற்கட்டும்' என்று ஐஸில் கல் உப்பு போடுகிறார்களே, அதுவும் இதே கதைதான். உப்பு போட்டால் ஐஸ் சீக்கிரம் உருகும். உருகும்போது 0-க்குக் கீழே இறங்கும். நேரமும் குறையும், மருந்தும் உறையும்.''

'அப்படியென்றால் போன வருஷம் கொண்டுவந்த மீன் கடை ஐஸே சரியா?' என்ற கேள்வி வாசகிக்கு வரலாம். குளிர்ச்சியைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் இருந்திருக்கும் என்கிறார் மருத்துவர்.

''உருகிய தண்ணீரில் ஐஸ் மிதக்கிற வரைக்கும் அந்தத் தண்ணீரும் ஏறக்குறைய 0 டிகிரியில்தான் இருக்கும். மருந்து உறையவும் செய்யாது, சூடாகவும் செய்யாது. ஆனால், லேபிள் உரிந்த மருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்ன மருந்து, எத்தனை மில்லி போட வேண்டும், எப்போது காலாவதி என்று எதுவும் தெரியாது. மீன் கடை ஐஸ் உருகிய தண்ணீர், மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியைச் சுற்றித் தேங்கி நிற்பதும் நல்லதல்ல. அந்த மூடி வழியாகத்தானே ஊசியைக் குத்தி மருந்தை எடுக்கிறோம்.

இதற்கு வழி ரொம்பச் சுலபம். ஐஸை உதிரியாகப் போடாமல், பாட்டிலுக்குள் உறைய வைத்துக் கொண்டுபோக வேண்டும். அரை லிட்டர் குடிதண்ணீர் பாட்டில் நான்கு போதும். கழுத்து வரை நிரப்பக் கூடாது. தண்ணீர் ஐஸாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவிகிதம் கூடும். இடம் இல்லாவிட்டால் பாட்டில் வெடித்து ஒழுகும். 450 மில்லி அளவுக்கு ஊற்றி, மூடியை இறுக்கமாக மூடி, வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் முந்தின நாள் காலையிலேயே வைத்துவிட வேண்டும். மறந்துபோய் ராத்திரி வைத்தால், விடியும்போது வெளிப்பக்கம்தான் ஐஸாக இருக்கும். நடுவில் தண்ணீராகவே இருக்கும். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் என்றால் இரண்டு நாள் முன்பே வைத்துவிடுவது உத்தமம்.''

அடுத்து, வாசகியின் பயணத்தையே கணக்குக்கு எடுத்துக்கொண்டார் மருத்துவர்.

''உள்பக்கம் ஓர் அடி நீளம், முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலமும் உயரமும், ஒரு அங்குலக் கனமும் உள்ள தெர்மாகோல் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். வெளியே 35 டிகிரி வெயில். இந்தப் பெட்டிக்குள் நுழையும் வெப்பம், மணிக்கு ஏறக்குறைய 200 கிராம் ஐஸை உருக்கும். அந்த அம்மா கொண்டுவந்த ஜெல் பேக் ஒவ்வொன்றும் 400 கிராம் என்றால், இரண்டும் சேர்ந்து 800 கிராம். நான்கு மணி நேரம் தாங்கும். மருந்து உறைந்துபோகாமல் இருந்திருந்தாலும், வழியில் பஸ் பழுதாகி நின்றிருந்தால் அந்த 800 கிராம் பத்தாது. நான்கு பாட்டில் ஐஸ் என்றால் 1,800 கிராம்.

வாசகி காலை 7 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். பெட்டிக்குள் நான்கு பாட்டில். மருந்து இன்னும் வாங்கவில்லை. முதல் முக்கால் மணி, ஒரு மணி நேரம், மைனஸில் இருக்கும் ஐஸ் 0 டிகிரிக்கு வருவதிலேயே போய்விடும். அதற்குப் பிறகுதான் உருகத் தொடங்கும். ஒன்பதரை மணிக்கு மதுரைக் கடைக்குப் போய்ச் சேரும்போது 300 கிராம் போல உருகியிருக்கும். கடை வாசலில் பெட்டியைத் திறந்து பாட்டிலைக் குலுக்கினால் சத்தம் கேட்கும். செவிலியர்கள் மேஜைமீது வைத்துக் காத்திருக்கிற வேலையை, போகும் வழியிலேயே பஸ் பயணம் முடித்துக் கொடுத்துவிடுகிறது. அதனால், கடைக்காரரின் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் வாங்குவதைவிட, வீட்டிலிருந்து ஐஸ் கொண்டுபோவதுதான் இதில் பாதுகாப்பு.

நான்கில் ஏதாவது ஒரு பாட்டில் சத்தம் தரவில்லை என்றால், அவசரப்பட வேண்டாம். அதைப் பெட்டிக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி குலுக்கிப் பார்க்கலாம். அதுவரை மருந்து கடைக்காரரின் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். 'கிளம்பும்போது எடுத்துக் கொடுங்க அண்ணே' என்று சொல்லி வைத்தால் போதும். பணம் கட்டிய உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். மருந்து கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வாங்கும்போது, மருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து வருகிறதா, மேலே இருக்கும் ஃப்ரீசரிலிருந்து வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளவும். துள்ளுமாரி மருந்து ஃப்ரீசரிலிருந்து வந்தால் வாங்க வேண்டாம்.

பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, மதியம் ஒன்றரைக்கு வீடு வந்து சேர்கிறார் என்றால், மொத்தம் ஆறரை மணி நேரம். அதற்குள் சுமார் 1,100 கிராம் உருகியிருக்கும். இன்னும் 700 கிராம் ஐஸ் மிச்சம். வெயில் கூடுதல், பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று மணிக்கு 250 கிராம் உருகினாலும், வீட்டுக்கு வரும்போது 400 கிராம் மிச்சம் இருக்கும். ஐஸ் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்போது பெட்டி குளிராகவே இருக்கும். வீட்டில் பிரிக்கும்போது ஒவ்வொரு பாட்டிலிலும் ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான், மருந்து வெப்பத்தில் கெட்டதா, இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கான எளிய வழி. எல்லாம் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தால், லசோட்டாவை நம்பக் கூடாது.

இதே பெட்டி ஒரு அங்குலத்துக்குப் பதில் இரண்டு அங்குலக் கனத்தில் கிடைத்தால், ஐஸ் உருகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஜெல்லா, ஐஸா என்று யோசிப்பதைவிட, பெட்டியின் கனத்தைப் பார்ப்பதுதான் அதிக நேரத்தைக் கொடுக்கும். மீன் ஏற்றுமதிக்கு வரும் பெட்டிகள் நல்ல கனமாக இருக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்தால் இதற்குப் பயன்படுத்தலாம்.''

பெட்டிக்குள் அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பாட்டில்களை நீளவாக்கில், பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவற்றின்மேல் மற்ற இரண்டையும் படுக்க வைத்தால், நடுவில் மூன்று விரல் அகலத்துக்குமேல் ஒரு சந்து கிடைக்கும். மருந்து பாட்டிலை அதன் அட்டைப் பெட்டியோடு ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, வாயைக் கட்டி, இரண்டு சுற்று செய்தித்தாள் சுற்றி அந்தச் சந்தில் நிறுத்த வேண்டும். ஐஸ் பாட்டிலும் மருந்து பாட்டிலும் நேராக ஒட்டக் கூடாது என்பதற்குத்தான் இந்தத் தாள். லசோட்டாவோடு கொடுக்கும் கரைப்பான் பாட்டிலும் கூடவே இருக்கட்டும். வில்லைக்குக் குளிர் பிரச்னை இல்லை. ஆனால், கரைப்பான் உறைந்தால் பாட்டிலே விரிசல் விடலாம். மேலே இருக்கும் வெற்றிடத்தை மடித்த துண்டு ஒன்றால் அடைத்து, மூடிபோட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட வேண்டும். பஸ்ஸில் என்ஜின் பக்கத்திலோ, வெயில் அடிக்கிற ஜன்னலோரத்திலோ பெட்டியை வைக்காமல், நிழல் பக்கத்து சீட்டின் கீழே வைத்துக்கொள்ளலாம். 'மருந்து எப்படி இருக்கு பார்ப்போம்' என்று வழியில் திறந்து பார்ப்பது கூடாது.

இத்தனை செய்தும் நம்பிக்கை வராதவர்களுக்கு, மருத்துவர் ஓர் ஒத்திகையைச் சொல்கிறார்.

''மருந்து வாங்கப் போவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காலியான பழைய மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மருந்தை வைக்கிற மாதிரியே தாள் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியைத் திண்ணையில், பஸ்ஸில் படுகிற அளவு சூடு படும் இடத்தில் ஆறு, ஏழு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பாட்டில் தண்ணீரில் ஐஸ் கட்டியிருந்தால், மருந்தும் கட்டியிருக்கும் என்று அர்த்தம். ஐஸ் பாட்டில் எல்லாம் தண்ணீராகிவிட்டிருந்தால், இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும், அல்லது கனமான பெட்டி வேண்டும். ஒயர் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டால், ஒயர் முனையை மருந்து பாட்டிலோடு சேர்த்துக் கட்டி, வெளியிலிருந்தே எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டு வரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஃப்ரிட்ஜிலும் இதே கவனம் வேண்டும். ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டிலும், பின்பக்கச் சுவரை ஒட்டியும் வைத்தால் மருந்து உறையலாம். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும். நடுத்தட்டில், முன்பக்கம் வைக்கலாம். லசோட்டாவைக் கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். போடுகிற நேரத்திலும், மிச்சம் இருக்கும் ஐஸ் பாட்டில்களில் ஒன்றைக் கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் மருந்தை வைத்துக்கொண்டால் வீரியம் குறையாது.''

உறைந்துபோன அந்தத் துள்ளுமாரி பாட்டிலை என்ன செய்வது? குப்பையிலோ, வயல் வரப்பிலோ எறியாமல், அருகில் இருக்கும் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லலாம். ஒருவேளை, கேள்வி எழுதிய பிறகு அவசரத்தில் ஆடுகளுக்குப் போட்டுவிட்டிருந்தால், ஊசி போடாத ஆடுகளாகவே அவற்றை நினைத்துக்கொண்டு, மழை இறங்குவதற்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுபடியும் எப்போது போடலாம் என்பதை ஆட்டின் நிலை, சினை, முன்பு போட்ட தேதி ஆகியவற்றைப் பார்த்து அவர் சொல்வார். 'மருந்து உறைந்திருந்தது' என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது முக்கியம். ஊசி போட்ட ஆடு என்று நினைத்து, மருத்துவர் வேறு நோய்க்குச் சிகிச்சையை ஆரம்பித்துவிடக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். இன்சுலினும் உறைந்தால் கெட்டுவிடும். ஊருக்குப் போகும்போது ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கை நேராக அதன்மேல் சுற்றிக் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: ''பண்ணைக்குட்டையில் பிடித்த மீன்களைச் சந்தைக்குக் கொண்டுபோக ஜெல் பேக் வாங்கலாமா? திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் ஐஸ் செலவு மிச்சம் என்கிறார்கள்.''

- தஞ்சாவூர் மாவட்டம், ஒரத்தநாடு பகுதி வாசகர்.

''மீனுக்கு வாங்க வேண்டாம்'' என்கிறார் அதே மருத்துவர். ''மருந்துக்குச் சொன்னது மீனுக்கு அப்படியே தலைகீழ். மருந்து ஐஸைத் தொடக் கூடாது. மீன் ஐஸைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நொறுக்கிய ஐஸ், மீனின் எல்லாப் பக்கமும் படியும். அது உருகி வழிகிற குளிர்ந்த தண்ணீர், மீனின் மேலே இருக்கும் கொழகொழப்பையும் ரத்தத்தையும் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மீன் காய்ந்தும் போகாது. ஜெல் பேக் வைத்தால் அது தொடுகிற இடம் மட்டும் குளிரும். இடையில் இருக்கும் மீன் சூடாகவே கிடக்கும். குட்டையிலிருந்து எடுத்த மீனின் உடல் சூடு 28, 30 டிகிரி இருக்கும். ஒரு கிலோ மீனை அந்தச் சூட்டிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவரவே 300 கிராமுக்குமேல் ஐஸ் உருக வேண்டும். அதற்குப் பிறகு வழியில் உருகுவது தனி. அதனால்தான் மீனுக்குச் சரிக்குச் சரி, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று போடுகிறார்கள். அடியில் ஓர் அடுக்கு ஐஸ், அப்புறம் மீன், மறுபடி ஐஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே கனமாக ஐஸ் போட்டு மூட வேண்டும். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் வடிய விட வேண்டும். மூலையில் ஓட்டை போட்ட பிறகு அந்தப் பெட்டியை மருந்து எடுத்துவர அண்டை வீட்டுக்காரர் கேட்டால், வேறு பெட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.''